சிம் நின்றுவிடும் என்று பொய் சொன்னவனுக்கு நீங்கள் சாட்சி சொன்னீர்கள்

எங்கள் இந்திய சிம்களை நடத்தும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைத் தலைவருக்கும் முறையீட்டு அதிகாரிக்கும்,

சிம்மைத் துண்டிக்கப்போகிறோம் என்று போனில் மிரட்டி எங்கள் தவில்காரர் அண்ணனிடம் பணம் பறித்ததைப் பற்றிக் கொடுத்த புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் மூன்றே வரி. எண் செயலில் இருக்கிறது. நிறுவனத்தின் தரப்பில் சேவைக் குறைபாடு இல்லை. மேலும் உதவி தேவைப்பட்டால் அருகிலுள்ள ஸ்டோருக்குச் செல்லவும். அதோடு புகாரை முடித்துவிட்டதாக ஒரு குறுஞ்செய்தி.

புகார் கொடுத்தவர் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த்தில். அவருக்கு அருகிலுள்ள உங்கள் ஸ்டோர் சென்னையில் இருக்கிறது. துபாயில் விமானம் மாறிப் போக வேண்டும்.

உங்கள் பெயரை இங்கே போடவில்லை. எழுத பயமில்லை, ஆனால் இங்கே எங்கள் அறையில் இருக்கும் ஏழு பேரிடம் மூன்று நிறுவனங்களின் சிம் இருக்கிறது. மூன்றும் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான். படித்தால் உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். புகார் எண்ணை மின்னஞ்சலில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நான் இங்கே ஒரு கோயிலில் கணக்கு எழுதுகிறேன். வருவதற்கு முன் ஆறு வருடம் திருச்சியில், உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்தவன். அதனால் கீழே எழுதுவதில் பாதி இங்கே கண்டது, பாதி அங்கே கற்றது.

1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பிள்ளை, நாயுடு, கவுண்டர் எல்லாம் இங்கே ஆங்கில எழுத்தில் வேறு மாதிரி ஒலிக்கும். தமிழ் பேச வருபவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் வேண்டும், தமிழ்நாட்டுச் சமையல் வேண்டும் என்பதில் பிடிவாதம் குறையவில்லை. அதற்காக வந்தவர்கள்தான் நாங்கள் ஏழு பேர். எல்லோரிடமும் இரண்டு சிம். ஒன்று இந்த ஊர் சிம். இன்னொன்று ஊரிலிருந்து கொண்டுவந்தது.

அந்த இந்திய சிம் எங்களுக்கு எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. நாங்கள் அதில் பேசுவதே கிடையாது. வீட்டுக்கு வாட்ஸ்அப். அந்த சிம் இருப்பது வங்கியின் ஓடிபி வருவதற்கு. சம்பளம் ஊர்க் கணக்குக்குப் போகிறது, கணக்கு அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது, எண் போனால் கணக்கு பூட்டிக்கொள்ளும். வெளிநாட்டு எண்ணை வைத்தே யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் 10 நாடுகளை அனுமதித்தார்கள். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இருந்தது, அமீரகம் இருந்தது, தென்னாப்பிரிக்கா இல்லை. இந்த ஊர் சிம் தொலைந்தால், கடைக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி அன்றைக்கே அதே எண்ணை வாங்கிக்கொள்ளலாம். ஊர் சிம் போனால் ஊருக்கே போக வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவனுக்கு அது நடக்கிற காரியமா?

ஆகவே, "உங்கள் சிம் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும்" என்று ஒருவன் போன் செய்தால், கும்பகோணத்தில் இருப்பவருக்கு அது எரிச்சல். எங்களுக்கு அடிவயிற்றில் நெருப்பு.

எங்கள் தவில்காரர் அண்ணனுக்கு அந்த அழைப்பு சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை 6:20-க்கு வந்தது. இந்தியாவில் அப்போது மணி 9:50. அலுவலகம் திறக்கும் நேரம், அதனால் சந்தேகம் வரவில்லை என்றார். திரையில் +91 என்று தொடங்கும் பத்து இலக்க எண். பதிவு செய்யப்பட்ட குரல், முதலில் இந்தி, பிறகு ஆங்கிலம்: இது டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து, உங்கள் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9-ஐ அழுத்தவும். அவருக்குப் புரிந்தது மூன்றே சொல். டிராய், டூ அவர்ஸ், நைன். அழுத்தினார்.

எடுத்தவள் தமிழில் பேசினாளாம். மரியாதையாக, "ஐயா" போட்டு. உங்கள் ஆதாரில் மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள், அதிலிருந்து பல பேருக்கு அசிங்கமான செய்தி போயிருக்கிறது, எஃப்.ஐ.ஆர் பதிவாகியிருக்கிறது, அதனால் உங்கள் பெயரில் உள்ள எல்லா எண்களும் நிற்கப்போகின்றன. இவர் பதறி, "அம்மா, நான் வெளிநாட்டுல இருக்கேன், மும்பை பக்கமே போனதில்ல" என்று சொல்லிவிட்டார். இதைத்தான் அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ. வெளிநாட்டில் இருந்தால் இரண்டு வழிதான் ஐயா, இன்றைக்கே மும்பை காவல் நிலையத்தில் நேரில் நிற்க வேண்டும், இல்லை வீடியோவில் விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்றாளாம்.

இது வரைக்கும் நடந்தது ஊர் உலகமெல்லாம் நடப்பது. உங்களைக் குறை சொல்ல இதில் பெரிதாக எதுவும் இல்லை. அடுத்து நடந்ததைத் தயவு செய்து நிதானமாகப் படியுங்கள்.

ரோமிங்கில் இருக்கும் ப்ரீபெய்டு எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் நிமிடக் கணக்கில் காசு போகும். உங்களுக்குத் தெரியும், தவில்காரர் அண்ணனுக்குத் தெரியாது. அவர் கணக்கில் ₹860 இருந்தது. பதினோராவது நிமிடத்தில் அது தீர்ந்தது. அழைப்பு அறுந்தது. சில விநாடியில் உங்கள் குறுஞ்செய்தி வந்து விழுந்தது, ஆங்கிலத்தில்: இருப்பு போதாததால் உங்கள் சேவைகள் நிறுத்தப்பட்டுள்ளன, உடனே ரீசார்ஜ் செய்யவும். அண்ணனுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதில் 'ஸ்டாப்டு' என்ற சொல் புரிந்தது. இந்த ஊர் மினிபஸ் டாக்ஸியில் தினமும் ஏறி இறங்குகிறவர், அது புரியாமல் இருக்குமா?

அதாவது, சிம்மைத் துண்டிக்கப்போகிறோம் என்று ஒருத்தி மிரட்டிக்கொண்டிருக்கிறாள், பேச்சு நடுவில் அறுகிறது, 'நிறுத்தப்பட்டது' என்று நிறுவனமே எழுத்தில் சொல்கிறது. அவருக்கு இனி வேறென்ன ஆதாரம் வேண்டும்? ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு ஆண் அழைத்தான். "பாத்தீங்களா, முதல் கட்டத் துண்டிப்பு ஆயிடுச்சு. மிச்சத்தையாவது காப்பாத்திக்கலாம்" என்றானாம். பணம் தீர்ந்துதான் அழைப்பு அறுந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்குமோ இல்லையோ, கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அதன் பிறகு எல்லாம் வாட்ஸ்அப் வீடியோ. காக்கி உடை, பின்னால் கொடி, மேஜை மேல் கோப்புகள். கதவைச் சாத்து, யாரிடமும் பேசாதே, கேமராவை விட்டு நகராதே. உன் கணக்கில் இருப்பது குற்றப் பணமா என்று சரிபார்க்க வேண்டும், சொல்லும் கணக்குக்கு மாற்று, சரியாக இருந்தால் மாலைக்குள் திரும்பி வரும். 6:58-க்கு ஒரு ஓடிபி, 7:21-க்கு இன்னொன்று. இரண்டு தடவையில் ₹1,85,000. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது.

அந்த ஓடிபி வந்தது எந்த எண்ணுக்கு? 'நிறுத்தப்பட்டது' என்று நீங்கள் சொன்ன அதே எண்ணுக்கு. அவருடைய திட்டத்தில் ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குக் காசு இல்லை, அதனால் இருப்பு சைபர் ஆனாலும் அது வரும். சிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது. இரண்டு முறை அந்தச் சான்று அவர் கையிலேயே ஒலித்தது. அதை அப்படி வாசிக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்களுக்குத் தெரிய வந்தது 7:30 பூஜையில். நாதஸ்வரம் மட்டும் தனியாகக் கேட்டது. தவில் இல்லை. காய்ச்சலோ என்று சமையல்கார அண்ணன் போய்ப் பார்த்தார், கதவு உள்ளே தாழ். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தவில் உறை மேல் போனைச் சாய்த்து வைத்து, எதிரே கை கட்டி உட்கார்ந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்து 'சத்தம் போடாதே' என்று ஜாடை காட்டினார். இருபத்தைந்து வருடம் மேடையில் கை ஓயாத மனிதர் அப்படிக் கை கட்டி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. கதவைத் தட்டோ தட்டென்று தட்டித் திறக்க வைத்து, போனைப் பிடுங்கினோம்.

உடனே 1930-க்கு அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நான்கு இலக்க எண்ணை இந்த ஊர் சிம்மில் அடித்தால் அது இந்தியாவுக்குப் போகாது, இந்த ஊரிலேயே தேடி, அப்படி ஒரு எண் இல்லை என்று சொல்லும். இந்திய சிம்மில் இருப்பு இல்லை. உங்கள் வாடிக்கையாளர் எண்ணும் குறுகிய எண்தான். ரோமிங்கில் இருப்பவர்களுக்கென்று நீங்கள் தளத்தில் போட்டிருக்கும் முழு எண்ணுக்கு, சர்வதேசக் கட்டணத்தில், நான் அடித்தேன். மொழியைத் தேர்ந்தெடு, எண்ணை அழுத்து, மீண்டும் அழுத்து, ரீசார்ஜ் சலுகையைக் கேள். பதினான்கு நிமிடம் கழித்து மனிதக் குரலே கேட்காமல் அறுந்தது. கடைசியில் கும்பகோணத்தில் இருக்கும் அவர் மகனை எழுப்பாத குறையாகப் பிடித்து, அவன் 1930-இல் சொல்லி, cybercrime.gov.in தளத்தில் பதிந்தான். ₹62,000 ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டது. மிச்சம் போய்விட்டது.

அன்று காலை நடந்ததை அடுக்கிப் பார்த்தால் எனக்கு உறைப்பது இதுதான். எங்களுக்கு சிம் பற்றிப் பேச இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி தமிழில் பேசினாள், போனை உடனே எடுத்தாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவள் திருடி. இன்னொருவர் நீங்கள்.

சரி, இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். 'சேவைக் குறைபாடு இல்லை' என்கிறீர்கள்.

டிராய் என்பது 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஒழுங்குமுறை அமைப்பு. அது உங்களுக்கு விதி போடுகிறது. எந்த வாடிக்கையாளரின் எண்ணையும் துண்டிக்கும் சுவிட்ச் அதன் கையில் இல்லை. எந்த எண் உயிரோடு இருக்கிறது, எந்த நாட்டில் இருக்கிறது, எதற்கு என்ன சேவை என்று எழுதியிருக்கும் பதிவேடு, ஹெச்.எல்.ஆர் என்று நாங்கள் அன்றைக்குச் சொல்வோம், அது உங்கள் கட்டடத்தில் இருக்கிறது. பில் பாக்கியோ, ஆவணக் குறையோ, தவறான பயன்பாடோ, எதற்காகத் துண்டிப்பதானாலும் துண்டிப்பது நிறுவனம்தான். எண் துண்டிப்பு பற்றி நாங்கள் யாரையும் தொடர்புகொள்வதில்லை, எங்கள் சார்பில் பேச யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று டிராய் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. இந்த அறிவிப்பு செய்தித்தாளில் வந்தது. அவர் கையில் இருக்கும் சிம்முக்கு நீங்கள் எத்தனை ரீசார்ஜ் செய்தி அனுப்பினீர்கள்? அதில் ஒன்றாவது இதைச் சொல்லியதா?

பயன்படுத்தாமல் கிடக்கும் ப்ரீபெய்டு எண்ணுக்கும் விதி இருக்கிறது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் இருந்தால்தான் முடக்கலாம். அப்போதும் கணக்கில் ₹20 இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். 2013-இலிருந்து இருக்கும் ஏற்பாடு. 90 நாள் எங்கே, இரண்டு மணி நேரம் எங்கே? இந்தக் கணக்கு ஒரு வரியில் அவருக்குத் தெரிந்திருந்தால், 9-ஐ அழுத்தியிருந்தாலும் பாதியில் சிரித்திருப்பார்.

ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்தது நேர்மாறாக. உங்கள் செய்திகளை அவர் போனில் மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். திட்டம் முடிய நாலு நாள் இருக்கும்போதே 'உடனே', 'இன்றே', 'சேவை நிற்கும்', 'எண்ணை இழக்காதீர்கள்'. என் பழைய மையத்தில் இந்தச் செய்திகளை எழுதும் பிரிவு பக்கத்து அறைதான். பயமுறுத்தும் வாசகம் போட்டால் ரீசார்ஜ் கூடும் என்று வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்கள். நானும் அதே குரலில் எத்தனையோ பேரிடம் 'இன்னைக்குக் கடைசி நாள் சார்' என்று சொல்லியிருக்கிறேன். அப்போது அது வெறும் விற்பனை என்று நினைத்தேன். வருடக்கணக்கில் அப்படிப் பழக்கிவிட்டால், 'இரண்டு மணி நேரத்தில் நிற்கும்' என்று எவன் சொன்னாலும் அது பழகிய குரலாகத்தான் கேட்கும்.

'ரோமிங்கில் இருப்பவரைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது' என்று தயவு செய்து சொல்லாதீர்கள். 2024 அக்டோபர் 22-ஆம் தேதி, வெளிநாட்டிலிருந்து இந்திய எண்போல் வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை அரசு தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி அழைப்புகளைத் தடுத்ததாக அறிவித்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது? வெளிநாட்டு வழியாக +91 எண்ணோடு ஓர் அழைப்பு வந்தால், அந்த எண் உண்மையிலேயே வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லை என்றால் போலி. இதற்கு, எந்த எண் இந்த நிமிடம் வெளிநாட்டில் இருக்கிறது என்ற விவரம் நிறுவனங்களிடம் தயாராக இருக்க வேண்டும். இருக்கிறது. எங்கள் தவில்காரர் அண்ணன் டர்பனில் இருக்கிறார் என்று உங்கள் கணினிக்குத் தெரியும். 'அருகிலுள்ள ஸ்டோருக்குப் போ' என்று எழுதிய கைக்கு மட்டும் தெரியவில்லை.

அந்தத் தடுப்பு நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தியாவிலேயே வாங்கிய நிஜ சிம்மிலிருந்து அழைத்தாலோ, வாட்ஸ்அப்புக்கு மாறினாலோ அது ஒன்றும் செய்யாது. எங்கள் விஷயத்தில் முதல் அழைப்பு உங்கள் வலை வழியாக வந்தது, எந்தப் பாதையில் வந்தது என்பது உங்கள் பதிவில்தான் இருக்கிறது. அதைத்தான் முதல் புகாரிலேயே கேட்டோம். அதற்கு அந்த மூன்று வரியில் ஒரு வார்த்தை இல்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, நாங்கள் ஏழு பேரும் உட்கார்ந்து ஒரு அட்டையில் எழுதி சமையலறை வாசலில் ஒட்டியிருக்கிறோம். சிம் நிற்கும் என்று யார் அழைத்தாலும் முதலில் போனை வை. அப்புறம் நிறுவனத்தின் செயலியைத் திறந்து திட்டம் என்றைக்கு முடிகிறது என்று பார். சந்தேகமாக இருந்தால் வங்கியில் ஒரு ஓடிபி வரவழைத்துப் பார். வந்தால் சிம் உயிரோடு இருக்கிறது. குறுஞ்செய்தி அனுப்பியவரின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்: 2025 மே முதல், அரசிடமிருந்து வந்தால் கடைசியில் -G, சேவைச் செய்தி என்றால் -S, பரிவர்த்தனை என்றால் -T, விளம்பரம் என்றால் -P. வெறும் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் 'அரசு' செய்தி அரசு செய்தி இல்லை. யாராவது *401* என்று தொடங்கி ஒரு எண்ணை அடிக்கச் சொன்னால் அடிக்காதே, உன் அழைப்பெல்லாம் அவன் போனுக்குப் போய்விடும். தெரியாமல் அடித்திருந்தால் ##002# அடித்து நீக்கு. போனில் இப்படி அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி அரசு உங்களுக்குச் சொன்னதும் இதற்காகத்தான். இந்த அட்டையை எழுத எங்களுக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. கோடிக்கணக்கில் செய்தி அனுப்பும் உங்களால் முடியாதா?

நாங்கள் கேட்பது இவைதான்.

முடித்துவிட்ட புகாரை மறுபடி திறக்க வேண்டும். இதை முறையீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முறையீட்டுக்கு 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. அன்று காலை 6:20-க்கு வந்த அழைப்பின் பதிவை அழியாமல் பாதுகாத்து, எந்த நிறுவனத்தின் வலையிலிருந்து, எந்தப் பாதையில் உங்களிடம் வந்தது என்ற விவரத்தைக் கும்பகோணத்தில் பதிவான புகாரோடு சேர்க்கும்படி காவல்துறையிடம் தாருங்கள். அழைப்புப் பதிவுகளை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் உரிமமே 2021 டிசம்பர் முதல் சொல்கிறது, அதனால் 'அழிந்துவிட்டது' என்ற பதில் வேண்டாம்.

இருப்பு தீர்ந்து அழைப்பு அறுந்தால் அனுப்பும் செய்தியை மாற்றுங்கள். நாங்களே எழுதித் தருகிறோம்: "உங்கள் ரோமிங் இருப்பு தீர்ந்ததால் இந்த அழைப்பு நின்றது. உங்கள் எண் செயலில் உள்ளது. குறுஞ்செய்தியும் ஓடிபியும் வழக்கம்போல் வரும்." இது வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழியில் வர வேண்டும். அண்ணன் சிம் வாங்கும்போது தமிழ் என்றுதான் சொன்னார், அது உங்கள் படிவத்திலேயே இருக்கிறது.

இந்திய சிம் வெளிநாட்டில் முதல் முறை வலையைப் பிடிக்கும்போது, ரோமிங் பேக் விற்கும் செய்தி ஒன்று வருகிறதே, அதோடு இன்னொன்றும் வரட்டும்: எண்ணைத் துண்டிப்பது பற்றி ஒழுங்குமுறை ஆணையம் யாரையும் அழைக்காது, எதையும் அழுத்தச் சொல்லாது. ரீசார்ஜ் நினைவூட்டல்களில் 'எண்ணை இழப்பீர்கள்' என்ற மிரட்டலை எடுத்துவிட்டு, எந்தத் தேதியில் எது நிற்கும், எது நிற்காது என்று மட்டும் எழுதுங்கள்.

வெளிநாட்டிலிருந்து எட்டக்கூடிய முழு +91 எண் ஒன்றில், மோசடி என்று சொன்னவுடன் மனிதர் எடுக்கும்படி செய்யுங்கள். தமிழிலும் பேசுபவர் இருக்க வேண்டும். டர்பன் காலை ஆறரை உங்களுக்குக் காலை பத்து மணி, ராத்திரி வேலைகூட இல்லை.

எண் கெட்டுப்போனால் நேரில் வராமல் மாற்று சிம் பெற ஒரு வழியை, தூதரக அத்தாட்சியோடு ஆனாலும் சரி, எழுத்தில் அறிவியுங்கள். வழியே இல்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். நாங்கள் அடுத்து ஆணையத்துக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் எழுதும்போது அந்தப் பதிலை இணைக்க வேண்டும்.

பதிலை அண்ணனின் எண்ணுக்குத் தமிழில் அனுப்புங்கள். ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கோயில் கணக்கர், ஏழு பேர் சார்பில்
சாட்ஸ்வொர்த், டர்பன்